பெயர்வாரி வாக்குப்பதிவு

பெயர்வாரி வாக்குப்பதிவு என்பது, ஓர் அவையில் தீர்மானம் வாக்குக்கு விடப்படும்போது மொத்த எண்ணிக்கையோடு நில்லாமல், எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் அவைக்குறிப்பில் ஏற்றும் முறை. பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. ஏற்போர் ‘ஆம்’ என்கிறார்கள், மறுப்போர் ‘இல்லை’ என்கிறார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத்தலைவர் அறிவிக்கிறார். அங்கே எண்ணிக்கையும் இல்லை, பெயரும் இல்லை. பெயர் பதிவாக வேண்டுமென்றால் யாராவது கேட்க வேண்டும். யார் கேட்கலாம், எத்தனை பேர் கேட்டால் போதும், கேட்டும் மறுக்கலாமா என்ற கேள்விகளைச் சுற்றித்தான் இம்முறையின் வரலாறு நகர்ந்திருக்கிறது.

மறைவே காப்பாக இருந்த காலம்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதை வெளியிடுவது அவையின் உரிமையை மீறும் செயலாகக் கருதப்பட்டது. அவைக்குள் பேசியதும் வாக்களித்ததும் மன்னர் காதுக்கு எட்டிவிடக் கூடாது என்பது இதன் பின்னிருந்த அச்சம். மன்னருக்கு மட்டுமல்ல, தெருவுக்கும் எட்டக்கூடாது என்று அஞ்சக் காரணம் 1641-இல் கிடைத்தது. அரசர் முதலாம் சார்லஸின் நெருங்கிய அமைச்சர் ஸ்ட்ராஃபோர்டுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதா அவ்வாண்டு ஏப்ரலில் மக்கள் அவையில் 204-க்கு 59 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களின் பெயர்ப்பட்டியலை யாரோ வெஸ்ட்மின்ஸ்டரில் ஒட்டி, அவர்களை நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று பழித்தார்கள். இரு வாரங்களுக்குள் ஸ்ட்ராஃபோர்டின் தலை வெட்டப்பட்டது. பெயர் வெளியே போனால் என்ன நேரும் என்பதை உறுப்பினர்கள் நேரில் கண்டார்கள்.

ஐந்தில் ஒரு பங்கு

அமெரிக்காவில் எதிர்த்திசையில் தொடங்கினார்கள். 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி, ஒரே ஒரு பிரதிநிதி கேட்டாலும் வாக்குகள் பெயரோடு குறிப்பேட்டில் ஏற வேண்டும். 1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதக் கூடியவர்கள் தங்கள் கூட்டத்துக்கு மட்டும் இந்த விதி வேண்டாம் என்றார்கள். ரூஃபஸ் கிங் எதிர்ப்பைக் கிளப்ப, ஜார்ஜ் மேசன் வழிமொழிந்தார். கருத்து எழுத்தில் பதிந்துவிட்டால் விவாதத்தைக் கேட்டு மனம் மாறியவரும் அதை மாற்றத் தயங்குவார் என்பது அவர்கள் வாதம்.

அதே ஆண்டு ஆகஸ்டில், அமையவிருக்கும் காங்கிரசுக்கான விதி விவாதத்துக்கு வந்தது. தனி உறுப்பினர் ஒருவருக்கே இந்த உரிமை வேண்டும் என்றார் கூவர்னர் மாரிஸ். ரோஜர் ஷெர்மன் முறையையே எதிர்த்தார்: வாக்கு பதிவாகும், அதற்கான காரணம் பதிவாகாது, ஆகவே படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்றார். முடிவில், வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர்கள் பதிவாக வேண்டும் என்ற நடுவழி நிலைத்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் யாரும் கேட்கத் தேவையில்லை: குடியரசுத் தலைவர் திருப்பியனுப்பிய மசோதாவை மீண்டும் நிறைவேற்றும்போது பெயர்வாரிப் பதிவு கட்டாயம்.

இரண்டு தாழ்வாரங்கள்

பிரிட்டனில் மாற்றம் கட்டடத்தோடு சேர்ந்து வந்தது. அதுவரை மக்கள் அவையில் பிரிவு வாக்கெடுப்பு என்றால் ஒரு தரப்பு உள்ளேயே இருக்கும், மறுதரப்பு வெளியே சென்று திரும்பும். எண்ணுபவர்கள் தலைகளை மட்டும் எண்ணுவார்கள். 1834 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபின் அமைந்த தற்காலிக அவையில் இரண்டாவது தாழ்வாரம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1836 முதல் ஏற்போர் ஒரு தாழ்வாரத்திலும் மறுப்போர் மற்றதிலும் நடந்தார்கள். எழுத்தர்கள் அச்சிட்ட பட்டியலில் பெயர்களைக் குறித்தார்கள். வாசலில் இருந்தவர்கள் தனியே எண்ணினார்கள். பெயரும் எண்ணிக்கையும் இரு வேறு கைகளில் இருந்ததால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடிந்தது. பிரிவுப் பட்டியல்களை அவையே அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான்.

இந்திய நடைமுறை

மக்களவையில் 1957-இல் தானியங்கி வாக்குப்பதிவுக் கருவி வந்தது. உறுப்பினர் தமக்கு ஒதுக்கிய இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்த வேண்டும். ஏற்பு, மறுப்பு ஆகியவற்றோடு, வாக்களிக்காமல் விலகி நிற்பதற்கும் தனிப் பொத்தான் உண்டு. கருவி பதியாமல் விட்டாலோ கை தவறினாலோ சீட்டு வழியாகத் திருத்திக்கொள்ளலாம். அதனால்தான் பலகையில் தோன்றும் எண்ணிக்கை திருத்தத்துக்கு உட்பட்டது என்று அறிவிக்கப்படுகிறது. சீட்டில் வாக்களித்தவர்களின் பெயர் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் அடிக்குறிப்பாக வருகிறது. அதைப் பாராமல் பட்டியலை மட்டும் எண்ணினால் கணக்கு இடிக்கும்.

2023 செப்டம்பர் 20 அன்று, புதிய கட்டடத்தில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா வாக்குக்கு வந்தபோது முழு வாக்கெடுப்பும் சீட்டிலேயே நடந்தது. ஏற்போர் பச்சை எழுத்துப் பக்கத்திலும் மறுப்போர் சிவப்பு எழுத்துப் பக்கத்திலும் பெயர் எழுதிக் கையொப்பமிட்டார்கள். 454 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் தேவை என்பதால், இங்கே எண்ணாமல் குரலை மட்டும் வைத்து முடிவு சொல்ல வழியில்லை.

சாதாரண மசோதாவுக்கு இந்தக் காப்பு இல்லை. பிரிவு வாக்கெடுப்பைத் தேவையின்றிக் கேட்கிறார்கள் என்று மக்களவைத் தலைவர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். அப்போது பெயர்கள் பதிவாகா என்று விதி 367 வெளிப்படையாகவே சொல்கிறது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது திருச்சி சிவா உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பிரிவு வாக்கெடுப்பு கேட்டார்கள். கேட்பவர் தம் இருக்கையில் இருக்க வேண்டும், அவையில் ஒழுங்கு இருக்க வேண்டும் என்பது துணைத்தலைவரின் விளக்கம். மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சட்டங்களுக்கு மாநிலங்களவையில் யார் கை தூக்கினார்கள் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் இல்லாமற்போனது; இது வாக்காளருக்கு நேர்ந்த நட்டம்.

கொறடாவின் கையில் பட்டியல்

பெயர் பதிவாவதால் பயன் வாக்காளருக்கு மட்டுமல்ல, கட்சிக்கும் உண்டு. 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்கலாம். 2017 பிப்ரவரி 18 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது, எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலின் ரகசிய வாக்கெடுப்பு கேட்டார். கூவத்தூர் விடுதியில் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டிருந்த உறுப்பினர்கள் வெளிப்படையாக வாக்களித்தால் மனம்போல் வாக்களிக்க முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். பேரவைத் தலைவர் தனபால் ஏற்கவில்லை. அமளியும் வெளியேற்றமும் நடந்தபின் 122-க்கு 11 என்று தீர்மானம் வென்றது. எதிர்த்த 11 பேரும் இன்னார் என்று தெரிந்ததால், கொறடாவின் கட்டளையை மீறியதாக அவர்களைத் தகுதி நீக்க வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020-இல் நீதிமன்றம் முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது.

வரம்புகள்

ஷெர்மன் சுட்டிய குறை இன்றும் தீரவில்லை: பட்டியல் காரணத்தைச் சொல்லாது. மசோதாவின் ஒரு பிரிவை மட்டும் எதிர்த்தவரும் முழுவதையும் வெறுத்தவரும் அதில் ஒன்றுபோல் தெரிவார்கள். பிரிட்டனின் பட்டியலில் விலகி நின்றவரையும் ஊரில் இல்லாதவரையும் பிரித்தறிய முடியாது. கொறடாக் கட்டளை இருந்த வாக்கெடுப்பில் காண்பது கட்சியின் நிலையையே, உறுப்பினரின் சொந்த எண்ணத்தை அல்ல. ஆகவே பட்டியலைப் படிப்பவர் முதலில் வாக்குக்கு விடப்பட்டது மசோதாவா, திருத்தமா, குழுவுக்கு அனுப்பும் தீர்மானமா என்று பார்க்க வேண்டும். பிறகு கொறடாக் கட்டளை இருந்ததா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் தெரிந்தபின்தான் ஒரு பெயருக்கு எதிரேயுள்ள ‘ஆம்’, ‘இல்லை’ ஆகியவற்றை அந்த உறுப்பினரின் நிலைப்பாடாக எடுத்துக்கொள்ள முடியும்.