மின்னாற்பகுப்பு விளைபொருள் பயிற்சித்தாள்

சேர்மத்தின் பெயரையும் நிலையையும் மட்டும் கொடுத்து, ஒவ்வொரு மின்வாயிலும் என்ன வெளிப்படும் என்று எழுதச் சொல்லும் வேதியியல் தாள். உருகிய சோடியம் குளோரைடில் சிக்கலில்லை. இருப்பவை இரண்டே அயனிகள். எதிர்மின்வாயில் சோடியமும் நேர்மின்வாயில் குளோரினும் கிடைக்கும். மாணவர் சறுக்குவது கரைசலில்தான், அங்கே நீரும் போட்டிக்கு வருகிறது. சோடியம் அயனியைவிட நீர் எளிதில் எலக்ட்ரானை ஏற்பதால், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும். கூடவே ஹைட்ராக்சைடு சேர்வதால், பினாப்தலீன் சொட்டுவிட்டால் அவ்விடம் இளஞ்சிவப்பாகும். விடைத்தாளில் "சோடியம்" என்றிருந்தால் எழுதியவர் நீரை மறந்துவிட்டார். நேர்மின்வாயில், கரைசல் செறிவாக இருந்தால் குளோரின்; மிகவும் நீர்த்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன். எனவே செறிவைக் குறிப்பிடாத கேள்வி அரைகுறைக் கேள்வியே.