ஊர்ப் பெயரில் ஒரு கம்பெனி முகவரி

bhopal.com என்ற முகவரியை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ அந்த ஊர்க்காரர்கள் நடத்துகிற தளம்னுதான் நினைத்தேன். இல்லை. யூனியன் கார்பைடு தன் தரப்பைச் சொல்வதற்காக வைத்துக்கொண்ட முகவரி அது. 1984 டிசம்பர் 2-3 இரவில் கார்பைடின் இந்தியக் கிளைக் கம்பெனியுடைய ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். செத்தவர்களின் ஊர்ப் பெயரே கொன்றவர்களின் விலாசமாகிவிட்டது. இந்தப் பிரதியை எப்படி வாசிப்பது என்பதுதான் என் பிரச்சினை.

துண்டறிக்கையைத் திருத்தி மறுபடி அச்சடித்தால், பழையது யாராவது ஒரு தோழரின் பரண்மேல் கிடக்கும். வலைப்பக்கத்தில் புதியது பழையதின் மேலேயே எழுதப்பட்டுவிடுகிறது. 1996 முதல் இப்படி அழிகிற பக்கங்களைப் பிரதியெடுத்து வைத்துவருகிறது இன்டர்நெட் ஆர்க்கைவ். https://web.archive.org/web/*/bhopal.com என்று அடித்தால் எந்தெந்த நாளில் பிரதி எடுக்கப்பட்டது என்று காலண்டர் வரும். ஆனால் பிரதிகள் ஏராளம்; எதில் மாற்றம் நடந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்துபார்க்க முடியாது. அதற்கு இது:

```
https://web.archive.org/cdx/search/cdx?url=bhopal.com&collapse=digest
```

உள்ளடக்கம் மாறாமல் அடுத்தடுத்து வரும் பிரதிகளை ஒன்றாக மடக்கி, மாறிய இடங்களை மட்டும் வரிவரியாகத் தரும். ஒவ்வொரு வரியிலும் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது பிரதி எடுத்த நேரமே தவிர எழுதப்பட்ட நேரம் அல்ல. இன்னொரு வம்பும் உண்டு. நாம் கேட்ட தேதியில் பிரதி இல்லையென்றால், கிட்டத்திலுள்ள வேறொரு தேதியின் பிரதியைச் சத்தமில்லாமல் காட்டிவிடும். முகவரிப் பட்டையிலுள்ள எண்ணைப் பார்க்காமல் 'அப்போதே இப்படிச் சொன்னார்கள்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

முகப்புப் பக்கம் அலங்காரம். உரிமை பற்றிய வாக்கியங்கள் பக்கத்தின் அடியிலுள்ள பதிப்புரிமை வரியிலும், சட்டக் குறிப்பிலும், கேள்வி பதிலிலும்தான் ஒளிந்திருக்கும். கார்பைடு தளம் திரும்பத் திரும்பச் சொல்வது, ஆலை 'யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட்' என்ற இந்தியக் கம்பெனியுடையது, அதில் தனக்குப் பாதிக்குச் சற்று மேலான பங்கு மட்டுமே இருந்தது என்பது. இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். 'இந்தியக் கம்பெனி' எழுவாயாக நிற்கிறது, 50.9 சதவீதம் வைத்திருந்தவர் அடைமொழிக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். பாதிக்கு மேல் என்றால் கட்டுப்பாடு என்று அர்த்தம். 'சற்று' என்கிற சொல் அதை அமுக்கிவிடுகிறது.

அந்தப் பங்கை 1994 நவம்பரில் கல்கத்தாவின் மெக்லாய்டு ரஸ்ஸலுக்கு விற்றார்கள். கம்பெனியின் பெயர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் இந்தியா என்று ஆனது. காப்பகமோ 1996-க்குப் பிந்தியது. ஆக, கார்பைடு உரிமையாளனாக இருந்தபோது பேசிய பேச்சு இந்தக் காப்பகத்தில் கிடைக்கவே கிடைக்காது. கைகழுவிய பிறகு சொன்ன கதையாடல்தான் கிடைக்கும். முந்தியதற்கு ஆண்டறிக்கைகளையும் நீதிமன்றத் தாள்களையும்தான் புரட்ட வேண்டும்.

2001 பிப்ரவரியில் டௌ கெமிக்கல் கார்பைடை வாங்கியது. அதிலிருந்து பேசுகிற 'நாங்கள்' யார் என்பதே குழம்பிவிடுகிறது. ஆலை எங்களுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை, 1989-ல் 47 கோடி டாலரில் சமரசம் முடிந்துவிட்டது, நாங்கள் பின்னால் வந்தவர்கள் என்பது டௌவின் வாதம். 2017-ல் அது டௌடூபாண்ட் ஆனது; 2019-ல் மறுபடி பிரிந்து டௌ ஆனது. dow.com பிரதிகளைப் படிக்கும்போது இந்த வருடங்களைப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் பேச்சை ஒன்றாக மேற்கோள் காட்டிவிடுவோம்.

நம்மவர்களே வைத்த பொறி ஒன்றும் உண்டு. 'யெஸ் மென்' என்ற குழுவினர் dowethics.com என்று டௌவைப் போலவே ஒரு தளம் நடத்தினார்கள். பிபிசிக்காரர்கள் அதை நிஜமென்று நம்பித் தொடர்புகொள்ள, 2004 டிசம்பர் 3 அன்று ஒருவர் டௌவின் பேச்சாளராக வந்து, முழுப் பொறுப்பேற்று 1200 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். பங்கு விலை சரிந்தது. சற்று நேரத்தில் டௌ மறுத்தது. காப்பகத்துக்கு நிஜம், பகடி என்ற பேதம் கிடையாது, இரண்டையும் ஒரே மாதிரித்தான் சேமிக்கும். 'டௌ ஒப்புக்கொண்ட பக்கம் கிடைச்சிருச்சு' என்று ஒரு நண்பர் சந்தோஷமாக அனுப்பியதைத் திறந்தபோது எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு படபடத்தது. பிறகு முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதே காலத்து dow.com பிரதியைத் திறந்து, அதிலிருந்து இந்தப் பக்கத்துக்கு இணைப்பு ஏதாவது போகிறதா என்று தேடினேன். போகவில்லை. நண்பருக்கு அதைச் சொல்ல மனசே வரலை.