பிமா நீரிழிவுத் தரவு அகராதி

தரவு அகராதி என்பது ஒரு தரவுத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு நெடுவரிசையின் பெயர், வகை, பொருள், அலகு, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் ஆகியவற்றை விளக்கும் அட்டவணை ஆகும். எண்கள் மட்டுமே நிறைந்த கோப்பைப் படிப்பதற்கு இதுவே திறவுகோல். இந்த அட்டவணையில் ஒரு வரி விடுபட்டால் என்ன நிகழும் என்பதற்கு, இயந்திரக் கற்றல் பயிலும் மாணவர் பலர் தொடக்கத்திலேயே சந்திக்கும் பிமா நீரிழிவுத் தரவுத்தொகுப்பின் வரலாறு நல்ல சான்று. இத்தொகுப்பின் விளக்கக் குறிப்பில் "விடுபட்ட மதிப்புகள் இல்லை" என்றிருந்த ஒரு கூற்று, 2011 பிப்ரவரி வரை திருத்தப்படாமலே இருந்தது.

தோற்றம்

பிமா மக்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்கு அருகே கீலா ஆற்றங்கரையில் வாழும் பழங்குடியினர். தம் மொழியில் தம்மை "ஆற்று மக்கள்" என்று பொருள்படும் பெயரால் அழைத்துக்கொள்கின்றனர். இவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு மிக அதிகமாகக் காணப்பட்டதால், 1965 முதல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் இவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தது. ஆய்வில் பங்குகொண்டோர் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் பரிசோதனைக்கு வந்தனர். குளுக்கோசு கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து அவர்களின் இரத்தச் சர்க்கரை அளக்கப்பட்டது.

இந்தப் பதிவுகளிலிருந்து, குறைந்தது 21 வயது நிரம்பிய 768 பெண்களின் விவரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஜாக் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில், நீரிழிவு வருமா என முன்கணிக்கும் ஒரு கணினி முறையை இத்தரவைக் கொண்டு சோதித்தனர். 1990இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சென்ட் சிகிலிட்டோ, இதை இர்வைனில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்துக்கு வழங்கினார்.

ஒன்பது நெடுவரிசைகள்

களஞ்சியத்தில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் எண்கள் மட்டுமே இருந்தன, தலைப்பு வரி கிடையாது. மற்றொன்று விளக்கக் குறிப்பு. அதில் ஒன்பது நெடுவரிசைகளும் வரிசைப்படி எண்ணிட்டு விளக்கப்பட்டிருந்தன: கருவுற்ற எண்ணிக்கை, இரண்டு மணி நேரக் குளுக்கோசு அளவு, இதயம் விரியும்போதுள்ள இரத்த அழுத்தம், மேற்கையின் பின்புறத் தோல் மடிப்பின் தடிமன், இரண்டு மணி நேர இன்சுலின் அளவு, உடல் நிறை குறியீட்டெண், குடும்ப வழி நீரிழிவுச் சார்பெண், வயது, இறுதியாக வகுப்பு. எண் கோப்பின் இரண்டாம் வரி இது:

```
1,85,66,29,0,26.6,0.351,31,0
```

குறிப்பின் துணையோடு இதைப் படிக்கலாம். 31 வயதுள்ள, ஒரு முறை கருவுற்ற பெண். குளுக்கோசு 85, இரத்த அழுத்தம் 66, தோல் மடிப்பு 29 மில்லிமீட்டர், உடல் நிறை குறியீட்டெண் 26.6. ஐந்தாம் இடத்திலும் ஒன்பதாம் இடத்திலும் பூச்சியம் உள்ளது. ஒன்பதாவது வகுப்புக்கான குறியீடு. அங்கே பூச்சியம் என்றால் நீரிழிவு இல்லை என்று பொருள். ஐந்தாவது இன்சுலின். அதை அப்படியே படித்தால், குளுக்கோசு குடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு இவருடைய இரத்தத்தில் இன்சுலினே இல்லை என்றாகும். ஆனால் இவருடைய சர்க்கரை அளவோ இயல்பாக உள்ளது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பூச்சியத்தின் மூன்று பொருள்கள்

இத்தொகுப்பில் பூச்சியம் என்ற ஒரே குறி மூன்று வேறுபட்ட செய்திகளைச் சொல்கிறது. கருவுற்ற எண்ணிக்கையில் அது உண்மையான எண். 111 பெண்கள் ஒரு முறையும் கருவுற்றதில்லை. வகுப்பு நெடுவரிசையில் அது பெயருக்குப் பதிலாக நிற்கும் குறியீடு. 500 பேர் அதனால் குறிக்கப்படுகின்றனர், எஞ்சிய 268 பேருக்கு 1. குளுக்கோசு, இரத்த அழுத்தம், தோல் மடிப்பு, இன்சுலின், உடல் நிறை குறியீட்டெண் ஆகிய ஐந்திலும் அது எண்ணும் அன்று, குறியீடும் அன்று. அளவு எடுக்கப்படவில்லை, அல்லது பதிவாகவில்லை என்பதே அதற்குப் பொருந்தும் விளக்கம். உயிரோடு நடமாடும் ஒருவரின் இரத்த அழுத்தமோ உடல் நிறை குறியீட்டெண்ணோ பூச்சியமாக இருக்க முடியாது.

குளுக்கோசில் 5 பேருக்கும், உடல் நிறை குறியீட்டெண்ணில் 11 பேருக்கும், இரத்த அழுத்தத்தில் 35 பேருக்கும், தோல் மடிப்பில் 227 பேருக்கும் பூச்சியம் உள்ளது. இன்சுலினில் இந்த எண்ணிக்கை 374, அதாவது ஏறத்தாழப் பாதிப் பேர்.

விளைவைச் சராசரியிலேயே காணலாம். பூச்சியங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்சுலினின் சராசரி 79.8. அளவு உள்ள 394 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 155.5. இரத்த அழுத்தத்தில் மாற்றம் சிறிது: 69.1 என்பது 72.4 ஆகிறது. இன்சுலின் சராசரி பாதியாகக் குறைந்தும் கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. பூச்சியமும் ஒரு முறையான எண் என்பதே காரணம். அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தாலோ, ஓர் எழுத்துக் குறி இடப்பட்டிருந்தாலோ, பல நிரல்கள் அங்கேயே நின்றிருக்கும் அல்லது அதை விடுபட்டதாகக் காட்டியிருக்கும், பயன்படுத்துவோர் காரணம் தேடியிருப்பர். முன்கணிப்பு முறைக்கும் இதே நிலைதான். பரிசோதிக்கப்படாத 374 பெண்களையும் அது மிகக் குறைந்த இன்சுலின் கொண்டவர்களாகக் கருதிக் கற்றுக்கொள்ளும்.

குறை வெளிப்பட்ட வகை

இக்குறையைக் கண்டறியச் சிக்கலான கணிதம் தேவையில்லை. ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறிய மதிப்பையும், அதற்கு அடுத்த மதிப்பையும் பார்த்தால் போதும். இன்சுலினில் 374 பூச்சியங்களுக்குப் பிறகு அடுத்து வரும் மதிப்பு 14. இடையில் ஒன்றும் இல்லை. தோல் மடிப்பில் பூச்சியத்துக்கு அடுத்தது 7, இரத்த அழுத்தத்தில் 24, குளுக்கோசில் 44. உண்மையான அளவீடுகள் இவ்வாறு ஒரே புள்ளியில் குவிந்து, பிறகு வெற்றிடம் விட்டுத் தொடர்வதில்லை. கருவுற்ற எண்ணிக்கையிலோ 0, 1, 2 என மதிப்புகள் தொடர்ச்சியாக வருகின்றன. அங்குள்ள பூச்சியம் உண்மையானது என்பதற்கு அதுவே அடையாளம்.

புள்ளியியலாளர் சிலர் இதை முன்பே உணர்ந்திருந்தனர். பிரையன் ரிப்ளி 1996இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழப் பாதி விடுபட்டிருந்த இன்சுலின் நெடுவரிசையையே நீக்கிவிட்டு, முழுமையாக இருந்த 532 பேரின் பதிவுகளை மட்டும் பயன்படுத்தினார். R மொழியில் `Pima.tr`, `Pima.te` என்ற பெயர்களில் கிடைக்கும் தொகுப்புகள் அவ்வழி வந்தவை. அதே மொழியின் மற்றொரு தொகுதியில் உள்ள `PimaIndiansDiabetes2`, பொருந்தாத பூச்சியங்களை `NA` எனக் குறித்துத் தருகிறது. ஆயினும் மூலக் களஞ்சியத்தின் பக்கத்தில் பழைய கூற்றே நீடித்தது.

பயனர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு, 2011 பிப்ரவரி 28ஆம் நாளைக் குறிப்பிட்டு, அதுவரை பக்கத்தில் இருந்த கூற்று சரியாக இருக்க முடியாது என்று களஞ்சியத்தார் அறிவிப்புச் சேர்த்தனர். பூச்சியங்கள் விடுபட்ட மதிப்புகளாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்றும், தரவை வழங்கியோர் அவ்வாறு எதுவும் சொல்லாததால் பயன்படுத்துவோர் தாமே முடிவு செய்து, அம்முடிவை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்றும் அதில் இருந்தது. அளவு எடுத்தவர்கள் ஒரு வரியில் எழுதியிருக்கக்கூடிய செய்தி, பின்வந்தவர்களுக்கு ஊகமாக மட்டுமே எஞ்சியது.

வகுப்பு நெடுவரிசையில் விடுபட்டது

ஒன்பதாம் நெடுவரிசைக்கான குறிப்பு, 1 என்றால் "நீரிழிவு உள்ளதாகச் சோதனையில் தெரிந்தவர்" என்று கூறியது. 1988 கட்டுரையின் வரையறை இதைவிட நுட்பமானது. தேர்ந்தெடுக்கப்பட்ட பரிசோதனை நாளில் அப்பெண்கள் எவருக்கும் நீரிழிவு இல்லை. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் கண்டவர்களுக்கு 1 இடப்பட்டது. ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்துச் செய்த சோதனையிலும் நோய் இல்லாதவர்களுக்கு 0 இடப்பட்டது.

இதற்கான தடயம் எண்களிலேயே உள்ளது. அன்றைய உலக சுகாதார நிறுவன வரையறைப்படி, இரண்டு மணி நேரக் குளுக்கோசு டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. இத்தொகுப்பில் மிக உயர்ந்த குளுக்கோசு அளவு 199. வகுப்பு 1 என்பது இப்போதுள்ள நோயைக் குறித்திருந்தால், 200ஐத் தாண்டிய அளவுகள் பல இருந்திருக்க வேண்டும். ஆகவே இத்தரவைக் கொண்டு உருவாக்கிய முறை, நோயை இன்று கண்டறிவதாகக் கூறுவது தவறு. அது கணிப்பது ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் வரும் வாய்ப்பை. மருத்துவரிடம் வரும் ஒருவருக்கு "உங்களுக்கு நோய் உள்ளது" என்பதும் "வரக்கூடும்" என்பதும் ஒன்றல்ல.

இருந்திருக்க வேண்டிய அட்டவணை

மேற்கண்ட செய்திகளைச் சேர்த்தால், நான்கு நெடுவரிசைகளுக்கான அகராதி பின்வருமாறு அமையும்.

| பெயர் | வகை | பொருள் | அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் |
|---|---|---|---|
| `pregnant` | முழு எண் | கருவுற்ற எண்ணிக்கை | 0 முதல். 0 உண்மையான மதிப்பு |
| `pressure` | எண், மி.மீ. பாதரசம் | இதயம் விரியும்போதுள்ள இரத்த அழுத்தம் | 0ஐ விட மிகுதி. 0 எனில் அளவு இல்லை |
| `insulin` | எண், மில்லிலிட்டருக்கு மைக்ரோ அலகு | இரண்டு மணி நேர இன்சுலின் | 0ஐ விட மிகுதி. 0 எனில் அளவு இல்லை |
| `diabetes` | குறியீடு | பரிசோதனைக்குப் பின் 5 ஆண்டுகளுக்குள் நீரிழிவு கண்டறியப்பட்டதா | 0 = இல்லை, 1 = ஆம் |

அனுமதிக்கப்பட்ட மதிப்பு வேறு, தொகுப்பில் காணப்படும் மதிப்பு வேறு. இன்சுலின் 14 முதல் 846 வரை காணப்படுகிறது என்பதற்காக, 14க்குக் கீழ் எதுவும் வரக்கூடாது என்று எழுதினால், நாளை வரும் உண்மையான அளவு ஒன்று பிழையாகத் தள்ளப்படும். எல்லையை உடலியலும் அளவிடும் முறையும் தீர்மானிக்க வேண்டும், கையிலுள்ள கோப்பு அன்று.

அகராதியைத் திருத்துவதால் இழந்த அளவுகள் திரும்புவதில்லை. ஐந்து நெடுவரிசைகளிலும் பூச்சியம் உள்ளவர்களை நீக்கினால் 768 பேரில் 392 பேரே எஞ்சுவர். நீக்காமல் சராசரியை இட்டு நிரப்பினால், பாதிப் பேரின் இன்சுலின் அளவு கற்பனையாகிவிடும். எதைச் செய்தாலும், எத்தனை பேரின் பதிவு மாற்றப்பட்டது என்பதைச் சொன்னால்தான் முடிவை மற்றவர் மதிப்பிட முடியும்.

பிற்காலத்தில், அனுமதி தொடர்பான கட்டுப்பாடுகளால் மூலக் களஞ்சியம் இத்தொகுப்பை விலக்கிக்கொண்டது. அதற்குள் அதன் படிகள் பாடநூல்களிலும் பயிற்சிக் கோப்புகளிலும் பரவியிருந்தன. 2011ஆம் ஆண்டின் திருத்தக் குறிப்பு களஞ்சியத்தின் பக்கத்தில்தான் இருந்தது, எண் கோப்பினுள் இல்லை. அதனால் எண் கோப்பை மட்டும் பெறுபவருக்கு, இரண்டாம் வரியின் ஐந்தாம் இடம் இன்றும் வெறும் பூச்சியமாகவே தெரிகிறது.