குழந்தையின் மலச்சிக்கல்: மருந்தை எவ்வளவில் தொடங்குவது, எத்தனை நாள் கொடுப்பது, எப்படிக் குறைப்பது?

குழந்தைக்கு நான்கைந்து நாளாக மலம் போகவில்லை என்று கிளினிக்கிற்கு அழைத்துச் செல்கிறார்கள். மருத்துவர் ஒரு மருந்து கொடுக்கிறார். மூன்றாம் நாள் மலம் இளகி வந்ததும் வீட்டில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் பிள்ளை மறுபடியும் அழத் தொடங்குகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மருந்தில் குறை இருப்பதில்லை. கொடுத்த அளவு போதாமல் இருந்திருக்கும், அல்லது நிறுத்தியது சீக்கிரமாக இருந்திருக்கும்.

இந்தச் சிகிச்சைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில், தேங்கிக் கிடக்கும் மலத்தை வெளியேற்ற வேண்டும். அடுத்து, மலம் மறுபடியும் இறுகாமல் மாதக் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஒருமுறை மலம் கெட்டியாகி வலியுடன் வெளியேறினால், குழந்தை அந்த வலியை மறப்பதில்லை. அடுத்த முறை உந்துதல் வரும்போது கால்களை ஒட்டிவைத்து, சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க அடக்குகிறது. பிள்ளை முக்குகிறது என்று பெற்றோர் நினைப்பார்கள். உண்மையில் அது மலத்தை உள்ளேயே நிறுத்தப் பார்க்கிறது. உள்ளே நின்ற மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொள்வதால் அது இன்னும் இறுகுகிறது.

இப்படியே நாள்கள் போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வு மங்கிப்போகிறது. இறுகிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையில் படிகிறது. இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மலமிளக்கியை நிறுத்துவதும், பேதியை நிறுத்தும் மருந்து கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். பிள்ளை சோம்பேறித்தனமாகத் துணியிலேயே போகிறது என்று அடிப்பதும் தவறு. அந்தக் கசிவு பிள்ளைக்குத் தெரியாமலேயே நடப்பது.

கொடுக்கப்படும் மருந்துகள் எவை?

பெரும்பாலும் கொடுக்கப்படுபவை இரண்டு. ஒன்று லாக்டுலோஸ் என்ற இனிப்பான சிரப். மற்றொன்று மேக்ரோகோல் என்ற தூள். இது நீரில் கரைத்துக் குடிக்கும் சிறு பாக்கெட்டுகளாகக் கிடைக்கிறது. இரண்டுமே குடலுக்குள் நீரைப் பிடித்துவைத்து மலத்தை மென்மையாக்குகின்றன. குடலை முறுக்கித் தள்ளும் வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால், நீண்ட நாள் கொடுத்தாலும் குடல் இவற்றுக்குப் பழகிச் சோம்பிப்போவதில்லை. பாட்டிமார் சொல்லும் 'மருந்து பழகிப்போகும்' என்ற பயம் இந்த இரண்டுக்கும் பொருந்தாது.

லாக்டுலோஸ் சிரப்பை 1 முதல் 5 வயது வரை 5 மில்லி வீதமும், 5 முதல் 10 வயது வரை 10 மில்லி வீதமும் நாளுக்கு இரண்டு முறை தொடங்குவது வழக்கம். அது வேலை செய்ய இரண்டு நாள் வரை ஆகும். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிடக் கூடாது. வயிறு உப்புவதும் காற்றுப் பிரிவதும் தொடக்கத்தில் இருக்கும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் மில்லி குறித்த மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுப்பது நல்லது.

மலம் நிறையத் தேங்கிக் கிடந்தால் வாய்வழி மருந்துகளில் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது மேக்ரோகோல். அதன் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. பாக்கெட்டில் எத்தனை கிராம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 'ஒரு பாக்கெட்' என்று மட்டும் நினைவில் வைக்காமல், கிராமைப் பார்க்க வேண்டும்.

ஒரு குழந்தையின் கணக்கு

உதாரணத்திற்கு, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். எடை 16 கிலோ. எட்டு நாளாகச் சரியாக மலம் போகவில்லை. உள்ளாடையில் தினமும் கசிவு. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது இடப்பக்க அடிவயிற்றில் கட்டி போல் மலம் தட்டுப்படுகிறது.

முதல் கட்டத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் மேக்ரோகோல் கொடுக்கப்படுகிறது. இந்தச் சிறுமிக்கு அது 16 முதல் 24 கிராம். 4 கிராம் பாக்கெட் என்றால் நாளுக்கு நான்கு பாக்கெட்டில் தொடங்கி ஆறு வரை போகலாம். இது 3 முதல் 6 நாள் வரை நீடிக்கும். ஒவ்வொரு பாக்கெட்டையும் அதன் அட்டையில் சொன்ன அளவு நீரில் முழுதாகக் கரைத்து, நாள் முழுவதும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த நீர் மருந்துக்கானது. வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரை அதற்காகக் குறைக்கக் கூடாது.

இந்த நாள்களில் கசிவு முதலில் கூடும். வயிறும் கொஞ்சம் வலிக்கும். பல பெற்றோர் பயந்து நிறுத்துவது இங்கேதான். அடைபட்டது வெளியேறுகிறது என்பதன் அடையாளம் அது. கட்டிகள் நிறைய வெளியேறி, பிறகு கட்டியே இல்லாத தண்ணீர் போன்ற மலம் வந்தால் முதல் கட்டம் முடிந்தது என்று கொள்ளலாம். பாலர் பள்ளிக்கு விடுமுறையாக இருக்கும் வாரத்தில் இதைத் தொடங்கினால் பிள்ளைக்குச் சங்கடம் இல்லை. ஆறு நாள் முழு அளவு கொடுத்தும் கட்டிகள் வெளியேறவில்லை என்றால் வீட்டிலேயே அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும்.

குடல் காலியான மறுநாளே இரண்டாம் கட்டம் தொடங்க வேண்டும். தொடக்க அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம். சிறுமிக்கு 6.4 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை பாக்கெட். அரை பாக்கெட் வேண்டுமென்றால் ஒரு பாக்கெட்டை முழுதாகக் கரைத்து அதில் பாதியைக் கொடுப்பது, தூளைக் கண்ணளவில் பிரிப்பதைவிடச் சரியாக இருக்கும்.

ஒரு வாரம் கழித்து மலம் இன்னும் ஆட்டுப் புழுக்கை போல் உருண்டையாக வந்ததால், மருத்துவர் இரண்டு பாக்கெட்டாக, அதாவது 8 கிராமாக, உயர்த்தினார். கிலோவுக்கு 0.2 முதல் 0.8 கிராம் வரை இப்படி ஏற்றி இறக்க இடம் உண்டு. தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், வலியில்லாமல், கனிந்த வாழைப்பழம் போன்ற மலம் வர வேண்டும். தண்ணீராகப் போனால் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், முழுதாக நிறுத்தக் கூடாது. மாற்றம் செய்தால் அதன் விளைவு தெரிய இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

எத்தனை மாதம்?

குறைந்தது இரண்டு மாதம். குறைக்கத் தொடங்குவதற்கு முன், கடைசி ஒரு மாதமாவது வலி, அடக்குதல், கசிவு எதுவும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். கழிவறைப் பழக்கம் இன்னும் வராத பிள்ளையாக இருந்தால் அது நன்றாகப் பழகும்வரை மருந்து தொடர வேண்டும். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குச் சுருங்கவும், வலிக்கும் என்ற பயம் பிள்ளையின் மனத்திலிருந்து போகவும் அவ்வளவு காலம் பிடிக்கிறது. சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரே 6 முதல் 12 மாதத்திற்குள் மருந்தில்லாத நிலையை அடைகிறார்கள். ஆறு மாதமாகிவிட்டதே என்று பதறத் தேவையில்லை.

இந்த மாதங்களில் சாப்பிட்ட பிறகு ஐந்து பத்து நிமிடம் கழிவறையில் உட்காரவைப்பது மருந்துக்குத் துணை செய்யும். உணவு வயிற்றில் இறங்கியதும் குடல் தானாக அசைகிறது. நாற்காலி வகைக் கழிவறையில் கால் தொங்கினால் பிள்ளையால் முக்க முடியாது. காலுக்குக் கீழே சிறிய முக்காலி வைக்க வேண்டும். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் நனைத்து ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். அவை அந்த ஒரு நாளுக்கு உதவினாலும், பிள்ளையின் பயத்தைக் கூட்டி மேலும் அடக்க வைக்கும்.

குறைப்பது எப்படி?

சிறுமிக்கு நான்காம் மாதம் எல்லாம் சீராக இருந்தது. அப்போது நாளுக்கு 8 கிராமிலிருந்து 6 கிராமாகக் குறைக்கப்பட்டது. நான்கு வாரம் கழித்து 4 கிராம். அந்தச் சமயம் புதிய பாலர் பள்ளியில் சேர்ந்தாள். அங்குள்ள கழிவறைக்குப் போகப் பயந்து அடக்கத் தொடங்கினாள். மூன்று நாள் மலம் போகவில்லை, பிறகு வந்தது கெட்டியாக இருந்தது. தாயார் இது பழையபடி ஆவதற்கு முன்பே கடைசியாக நன்றாக இருந்த 6 கிராமுக்குத் திரும்பினார். ஒரு மாதம் அதிலேயே நின்றுவிட்டு மறுபடி 4 கிராம், பிறகு 2 கிராம் என்று இறங்கி, அதன் பின் நிறுத்தினார்.

குறைக்கும் வழி இதுதான். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போதைய அளவிலிருந்து ஒரு படி மட்டும் குறைக்க வேண்டும். மலம் கெட்டியாதல், இரண்டு மூன்று நாள் இடைவெளி, துணியில் கறை, பழைய அடக்கும் நிலை ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் ஒரு படி மேலே போக வேண்டும். கட்டி மறுபடியும் தேங்கிவிட்டால் பராமரிப்பு அளவு போதாது. முதல் கட்டத்தையே திரும்பச் செய்ய நேரும். தினமும் மலம் போனதா, எப்படி இருந்தது, எவ்வளவு மருந்து கொடுத்தோம் என்று நாட்காட்டியில் குறித்து வைத்தால், எந்த அளவில் பிள்ளை நன்றாக இருந்தது என்பதை நினைவை நம்பிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் தொடங்கக் கூடாத நேரங்கள்

மேலே சொன்ன கணக்கு, மருத்துவர் பார்த்து வேறு நோய் இல்லை என்று சொன்ன பிள்ளைக்கானது. குறிப்பாக முதல் கட்டத்தின் பெரிய அளவை மருத்துவர் வயிற்றைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த மலமிளக்கியையும் மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாமல் இருந்த குழந்தை, முதல் மாதத்திலிருந்தே மலச்சிக்கல் உள்ள குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால்களில் பலவீனம் உள்ள குழந்தை ஆகியோரை விரைவில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயிறு உப்பிப் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலச்சிக்கலுடன் காய்ச்சலும் வயிற்று வீக்கமும் சேர்ந்தாலோ, மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.