ஒரே இணைப்பு ஒருவருக்குத் திறப்பதும் மற்றவருக்குத் திறக்காததும் ஏன்? கேள்வி - பதில்

வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், தனது சான்றிதழ்களை கூகுள் டிரைவில் சேமித்து, அதன் இணைப்பை நிறுவனத்துக்கு அனுப்புகிறார். அவரது கைப்பேசியில் இணைப்பு சரியாகத் திறக்கிறது, நிறுவனத்தில் திறக்கவில்லை. இதற்கான காரணமும் தீர்வும் வருமாறு:

கேள்வி: ஒரே முகவரிக்கு இரு வேறு பக்கங்கள் தோன்றுவது எப்படி?

பதில்: இணைப்பு என்பது கோப்பு இருக்கும் இடத்தை மட்டுமே குறிக்கிறது. அதைத் திறக்கக் கோருபவர் யார் என்பதை சர்வர் தனியே சரிபார்க்கிறது. ஒருவர் கணக்கில் உள்நுழையும்போது, 'குக்கீ' எனப்படும் சிறு அடையாளத் தகவலை அவரது உலாவியில் சர்வர் பதிக்கிறது. பின்னர் அத்தளத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், முகவரியுடன் குக்கீயையும் உலாவி அனுப்புகிறது. அதைப் பார்த்தே எந்தப் பக்கத்தைக் காட்டுவது என சர்வர் முடிவு செய்கிறது. இணைப்பை நகலெடுத்து அனுப்பும்போது முகவரி மட்டுமே செல்லும், குக்கீ செல்லாது.

கேள்வி: விண்ணப்பதாரரின் இணைப்பில் நடந்தது என்ன?

பதில்: டிரைவில் ஏற்றப்படும் கோப்பு, வேறு அமைப்பைத் தேர்வு செய்யாதவரை, பொதுவாக 'Restricted' நிலையிலேயே இருக்கும். உரிமையாளரும் அவர் அனுமதித்தவர்களும் மட்டுமே அதைக் காண முடியும். விண்ணப்பதாரர் தனது கணக்கில் இருந்ததால் சான்றிதழைக் கண்டார். கணக்கில் நுழையாத ஒருவருக்கு அதே இணைப்பு உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும். வேறு கணக்கில் இருப்பவருக்கு 'You need access' என்ற அறிவிப்பு தோன்றும். ஒரே உலாவியில் சொந்தக் கணக்கு, அலுவலகக் கணக்கு என இரண்டு வைத்திருப்போருக்கும், தவறான கணக்கு வழியே திறந்தால் இதே அறிவிப்பு வரலாம்.

கேள்வி: அனுப்பும் முன் சோதிப்பது எப்படி?

பதில்: குரோம் உலாவியின் 'Incognito' சாளரத்தில் இணைப்பை ஒட்டித் திறக்க வேண்டும். வழக்கமான சாளரத்தின் குக்கீகள் அங்கு பயன்படுத்தப்படாததால், கணக்கில் நுழையாத ஒருவர் காணும் பக்கமே தோன்றும். தனது கைப்பேசியிலுள்ள டிரைவ் செயலியில் திறந்து பார்ப்பது சோதனையாகாது. செயலி ஏற்கெனவே உரிமையாளரின் கணக்கில் இருக்கும்.

கேள்வி: தீர்வு என்ன?

பதில்: பெறுபவரின் கூகுள் கணக்கு முகவரி தெரிந்தால், 'Share' பகுதியில் அதைச் சேர்த்து 'Viewer' அனுமதி அளிப்பதே பாதுகாப்பானது. தெரியாவிட்டால் 'General access' பகுதியில் 'Anyone with the link' என மாற்றலாம். அலுவலக, கல்லூரிக் கணக்குகளில் இத்தேர்வை நிர்வாகி முடக்கி வைத்திருக்கக்கூடும். அப்போது கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பலாம்.

கேள்வி: 'Anyone with the link' தேர்வில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. இணைப்பு யார் கைக்குச் சென்றாலும், கணக்கே இல்லாமல் கோப்பைக் காண முடியும். எனவே ஆதார், வங்கி ஆவணங்கள் உள்ள கோப்புறைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. கோப்புறைக்கு அளிக்கும் அனுமதி, அதிலுள்ள கோப்புகளுக்கும் பொருந்தும். ஆகவே தேவையான சான்றிதழுக்கு மட்டும் அனுமதி அளித்து, பணி முடிந்ததும் மீண்டும் 'Restricted' என மாற்ற வேண்டும். அதற்குள் பிறர் பதிவிறக்கிய நகல்களை இம்மாற்றம் தடுக்காது.