எலியின் உடலை அளந்த களஞ்சியம்

1905ஆம் ஆண்டு பம்பாயின் பரேல் ஆய்வகத்தில் பிளேக் ஆராய்ச்சி ஆணையம் ஓர் எளிய சோதனையை நடத்தியது. பிளேக் தாக்கிய எலிகளின் தெள்ளுப்பூச்சிகள் நிறைந்த சிறு குடில்களுக்குள் கினிப்பன்றிகள் கூண்டுகளில் தொங்கவிடப்பட்டன. தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் தொங்கியவற்றுக்கு நோய் வந்தது. இரண்டு அடி உயரத்தில் தொங்கியவை தப்பின. தெள்ளுப்பூச்சியால் தாவ முடிந்த உயரமே சாவுக்கும் பிழைப்புக்கும் இடையிலான கோடாக இருந்தது. நோயைக் காற்றிலும் அழுக்கிலும் தேடிக்கொண்டிருந்த ஒரு காலத்தின் பார்வையை இச்சோதனை மாற்றியது. ஓர் உயிரியின் உடலால் எதைச் செய்ய இயலாது என்பதை அறிந்து, அந்த இயலாமையைச் சுற்றி ஒரு தடையை எழுப்பலாம் என்ற எண்ணத்தை அது கண்கூடாகக் காட்டியது. தானியக் களஞ்சியத்தை எலியிடமிருந்து காக்கும் கலையின் அடிப்படையும் இதுவேயாகும்.

ஆயினும் அரசின் நடைமுறை நெடுங்காலம் வேறு திசையில் சென்றது. பிளேக் நகரங்களைக் கடந்து கிராமங்களுக்குள் நுழைந்தபோது மிகப் பெரிய இழப்பைக் கண்டது பஞ்சாப். 1907ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆணையத்தினர் அமிர்தசரஸ் மாவட்டத்தின் தாண்ட், கசேல் ஆகிய கிராமங்களில் தங்கி எலிச்சாவையும் மனிதச்சாவையும் பக்கம் பக்கமாகப் பதிந்தனர். முதலில் எலிகள் செத்தன. அதன் பின்னரே மனிதர்கள் நோயுற்றனர். கோதுமை நிறைந்த மண் குதிர்கள் மக்கள் படுத்துறங்கிய அறைகளிலேயே நின்றன. தானியம் இருந்த இடத்தில் வீட்டு எலி இருந்தது. எலி இருந்த இடத்தில் மனிதனும் உறங்கினான்.

இதற்குக் கிடைத்த விடை பெரும்பாலும் கொல்வதாகவே இருந்தது. பொறிகள் வைக்கப்பட்டன, நஞ்சு தூவப்பட்டது, செத்த எலிக்குக் காசு கொடுக்கப்பட்டது. இதன் குறை எலியின் இனப்பெருக்கக் கணக்கிலேயே உள்ளது. பெண் எலி ஏறத்தாழ மூன்று வாரம் சூல் சுமந்து, ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். உணவும் ஒதுங்கிடமும் குறையாத கிராமத்தில், கொன்றழித்த எலிகளின் இடத்தைச் சில மாதங்களில் புதிய தலைமுறை நிரப்பிவிடும். எண்ணிக்கையைக் குறைப்பது ஓயாத வேலை. எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் உணவை அடைத்துவிட்டாலோ, அந்த வேலையைச் சுவரே செய்துகொள்ளும்.

இந்த அறிவு ஆய்வகங்களுக்கு முன்பே மலைகளில் இருந்தது. அருணாசலப் பிரதேசத்தின் ஆதி மக்களின் நெற்களஞ்சியங்கள் வீடுகளிலிருந்து விலகி, தீ பரவாத தொலைவில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு களஞ்சியமும் மரத்தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும். தூணின் தலைக்கும் தளத்தைத் தாங்கும் விட்டத்துக்கும் இடையே வட்டமான மரத்தட்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். தூணில் ஏறிவரும் எலி தட்டின் அடிப்பரப்பை எட்டும்போது தலைகீழாகத் தொங்கியபடி வெளிப்புறம் ஊர வேண்டும். பற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. பிற்காலத்துக் கையேடுகள் தூண் காப்பு, குழாய்க் காப்பு என்று வரைந்து காட்டிய கருவியின் முழு இயக்கமும் இந்த ஒரு மரத்தட்டில் அடங்கியுள்ளது. தகடு புதிதாகக் கொண்டுவந்தது நீடிப்பை மட்டுமே: மரம் உளுத்துப்போகும், வெடிக்கும், காலப்போக்கில் கடிபடும், துத்தநாகம் பூசிய இரும்பு அவ்வாறு ஆகாது.

சமவெளியின் மரபு இதற்கு நேர் எதிரானது. உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூர் பெரும் தானியச் சந்தை. அங்கே கோதுமை 'கத்தி' என்ற நிலக்குழிகளில் வைக்கப்பட்டது. தமிழிலும் 'கிடங்கு' என்ற சொல் குழி, அகழி, பண்டசாலை ஆகிய மூன்று பொருளையும் தருவதை இங்கே நினைவுகூரலாம். காற்றுப் புகாத வறண்ட குழி பூச்சியைத் தடுக்கும். வளை தோண்டும் எலிக்கோ அது ஓரடித் தொலைவில் உள்ள விருந்து. விடுதலைக்குப் பின் 1958இல் அதே ஹாப்பூரில் தானியச் சேமிப்பு ஆய்வு-பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. குழிகளின் ஊரிலிருந்தே உலோகக் குதிர்களும் உயர்த்திய மேடைகளும் கிராமங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. 1960களின் நடுவில், நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கியிருந்த ஆண்டுகளில், தானியக் காப்பு இயக்கம் தொடங்கியது. அக்காலத்து பான்சே குழு, அறுவடைக்குப் பிந்தைய மொத்த இழப்பை 9.33 விழுக்காடு என மதிப்பிட்டது. அதில் எலிகளின் பங்கு 2.5 விழுக்காடு. பூச்சிகளின் பங்கும் ஏறத்தாழ அதே அளவே.

கிராம வைப்பறை ஒன்றை எலிபுகாததாக மாற்றும் முறை, எலியின் நான்கு திறன்களுக்கு அளிக்கும் நான்கு விடைகளாகும். எலி தோண்டும், தாவும், ஏறும், கடிக்கும். பன்னிரண்டு அடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட, மண்சுவரும் ஒரே கதவும் உடைய பழைய அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

புதிதாகக் கட்டுவதானால் தளத்தை 75 முதல் 90 செ.மீ. வரை உயர்த்தி, மேடையின் விளிம்பைச் சுவருக்கு வெளியே குறைந்தது 15 செ.மீ. நீட்டிவிடலாம். தாவும் எலிக்கு உயரமும் ஏறும் எலிக்கு விளிம்பும் தடையாகும். படிக்கட்டு மேடையோடு ஒட்டாமல் விலகி நிற்க வேண்டும். இல்லையேல் விளிம்பின் பயன் அனைத்தும் படியில் கரைந்துவிடும். நம் பழைய அறையில் தளத்தை உயர்த்த வழியில்லை என்பதால் தகட்டுப்பட்டை தேவைப்படும். அறையின் சுற்றளவு 44 அடி. கதவை நீக்கினால் ஏறத்தாழ 12.5 மீட்டர். எட்டடிக்கு மூன்றடி அளவுள்ள 24 கேஜ் தகட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 45 செ.மீ. அகலமுள்ள இரு பட்டைகள் கிடைக்கும். மூன்று தகடுகளில் வெளிச்சுவர் முழுவதையும், 5 செ.மீ. மேற்பொருந்தலுடன், ஒருமுறை சுற்றிவிடலாம். பட்டையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் மேல்விளிம்பு 105 செ.மீ. உயரத்திலும் அமையும். வளை தோண்டுவதைத் தடுக்கச் சுவரடியில் 60 செ.மீ. ஆழத்துக்குக் கான்கிரீட் திரை இறக்கி, அதன் அடியை 30 செ.மீ. வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். சுவரை ஒட்டியே தோண்டி இறங்கும் எலி அந்தத் திருப்பத்தில் முட்டி நின்றுவிடும்.

தகட்டை எலியால் கடிக்க முடியாது என்பது பாதி உண்மை. கடிப்பதற்குப் பல்லுக்கு ஒரு விளிம்பு வேண்டும். வழவழப்பான பரப்பின் நடுவில் பல் வழுக்கும். தூக்கிக்கொண்டிருக்கும் ஓரத்திலோ அது நெம்பத் தொடங்கும். மேடுபள்ளமான மண்சுவரின் மேல் நேரடியாக ஆணியடித்த தகட்டின் பின்னே உருவாகும் இடைவெளி எலிக்கு மறைவான பாதையாகவும் மாறும். ஆகவே பட்டை வரும் இடத்தைச் சிமெண்டால் சமன்செய்த பின்னரே தகடு பொருத்தப்பட வேண்டும். கதவின் அடியில் 30 செ.மீ. உயரத் தகடும், நிலைக்கும் கதவுக்கும் இடையே 6 மி.மீ.க்கு மிகாத இடைவெளியும் போதும். அரை அங்குலம் இருந்தால் இளம் எலி நுழையும். சுண்டெலிக்கு அதில் பாதியே போதும்.

அறையைக் காக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்பது குழாயில். மழைநீர்க் குழாய் சுவரை ஒட்டி இறங்கும்போது வீட்டு எலி முதுகைச் சுவரிலும் கால்களைக் குழாயிலும் ஊன்றி, இடுக்கில் ஏறுவதுபோல் மேலே செல்லும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் 30 செ.மீ. நீளும் வட்டத்தகடு, அதாவது 70 செ.மீ. விட்டம், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் பொருத்தப்படும். ஆனால் சுவர்ப்பக்கம் தட்டு வெட்டப்பட்டுச் சுவரோடு சிறு சந்துமின்றிப் பொருந்தாவிட்டால், அந்த வட்டம் அலங்காரம் மட்டுமே. குழாயின் உட்புறமும் ஒரு வழி என்பதால் கீழ்வாய்க்குக் கம்பிவலை வேண்டும். சருகு அடைத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கழற்றித் துப்புரவு செய்யவும் வேண்டும்.

வேலை முடிந்ததைத் தகட்டைப் பார்த்து அறிய முடியாது. அறையைக் காலிசெய்து, உள்ளே இருந்த எலிகளைப் பொறிவைத்துப் பிடித்த பிறகே அடைக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் எலிக்கு உணவோடு கூடிய கோட்டை கட்டித்தந்ததாகும். பின்னர் கதவடியிலும் மூலைகளிலும் சாம்பலை மெல்லியதாகத் தூவி ஓர் இரவு விட வேண்டும். கால்தடங்களும் நடுவே வாலிழுத்த கோடும் காலையில் தெரிந்தால் வழி ஒன்று மிச்சமிருக்கிறது. சுவரில் படிந்த எண்ணெய்ப்பசை போன்ற கருந்தடம் அது எந்த வழி என்பதைச் சொல்லும். பெரும்பாலும் அவ்வழி பட்டையில் இருப்பதில்லை. யாரோ சாய்த்துவைத்த ஏர்க்காலோ, சுவரோரம் அடுக்கிய வைக்கோலோ, கூரையைத் தொடும் கிளையோ அந்த வழியாக இருக்கும். ஒரு மூங்கில் கழி மூன்று தகடுகளையும் பொருளற்றதாக்கிவிடும்.

இம்முறையின் எல்லையை மிசோரம் காட்டியது. அங்கே ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூத்துக் காய்த்து மடிகிறது. 'மௌதாம்' எனப்படும் அவ்வேளையில் விதை தின்று பெருகிய எலிகள் வயல்களில் இறங்குகின்றன. 1958இல் மிசோ மாவட்டக் கவுன்சில், வரவிருக்கும் பஞ்சத்துக்கு முன்னேற்பாடாக அசாம் அரசிடம் நிதி கோரியது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1959இல் எலிகள் வந்தன. நிவாரணத்துக்காக எழுந்த மிசோ தேசியப் பஞ்ச முன்னணி 1961இல் அரசியல் கட்சியாக மாறியது. 1966இல் அது ஆயுதம் ஏந்தியது. கதிரிலேயே தின்னப்பட்ட நெல்லைத் தூண் காப்பும் தகடும் காத்திருக்க முடியாது. களஞ்சியம் காப்பது அதற்குள் வந்துசேர்ந்ததை மட்டுமே. முந்தைய விளைச்சலிலிருந்து எவ்வளவு வந்துசேர்ந்திருந்தது, அதை வைக்க எவரிடம் களஞ்சியம் இருந்தது என்பவை அறுவடைக்கு முன்பே முடிவாகிவிட்ட கேள்விகள்.