குணமாக்கும் தூரிகை

குணமாக்கும் தூரிகை என்பது எண்ணிம ஒளிப்படங்களில் உள்ள முகப்பரு, கரும்புள்ளி, கீறல் முதலிய சிறு குறைகளை, சுற்றியுள்ள தோலின் இழையமைப்பு கெடாமல் நீக்கப் பயன்படும் ஒரு மென்பொருள் கருவியாகும். ஃபோட்டோசாப், கிம்ப் ஆகிய இரு படத்தொகுப்பு மென்பொருள்களிலும் இக்கருவி உண்டு. ஒரு படத்தை மங்கலாக்கினால் பருவோடு தோல்துளைகளும் மறைந்து, முகம் மெழுகு பூசியது போலத் தோன்றும். குணமாக்கும் தூரிகை துளைகளை அழிப்பதில்லை. பரு இருந்த இடத்தில் அருகிலுள்ள நல்ல தோலின் துளைகளை வைத்து, அவற்றின் நிறத்தை அந்த இடத்திற்கு ஏற்ப மாற்றுகிறது.

## வரலாறு

2002 ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோட்டோசாப் 7.0 பதிப்பில் குணமாக்கும் தூரிகையும் ஒட்டுக் கருவியும் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. இக்கருவியின் கணித முறையை அடோபி நிறுவனத்தைச் சேர்ந்த தோதோர் கியோர்கியேவ் உருவாக்கினார். இதனோடு நெருங்கிய தொடர்புடைய பாய்சான் படத்தொகுப்பு முறையை பேட்ரிக் பெரேஸ், மிசெல் காங்னே, ஆண்ட்ரூ பிளேக் ஆகிய மூவரும் 2003 இல் வெளியிட்டனர். மாதிரியைத் தானே தேர்ந்தெடுக்கும் புள்ளி குணமாக்கும் தூரிகை 2005 இல் ஃபோட்டோசாப் சிஎஸ்2 பதிப்பில் வந்தது. கட்டற்ற மென்பொருளான கிம்ப், 2007 இல் வெளியான 2.4 பதிப்பில் இதையொத்த கருவியைப் பெற்றது.

## செயற்படும் விதம்

இதற்கு முன்பிருந்த நகல் முத்திரைக் கருவி, ஓரிடத்தின் படவணுக்களை அப்படியே மற்றோரிடத்தில் ஒட்டுகிறது. முகத்தில் ஒளி எங்கும் ஒரே அளவில் விழுவதில்லை. ஆதலால் ஒட்டிய பகுதி சுற்றுப்புறத்தை விட இருண்டோ வெளுத்தோ தனித்துத் தெரியும்.

குணமாக்கும் தூரிகை, மாதிரிப் பகுதியில் இருந்து இழையமைப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தூரிகை தொட்ட வட்டத்தின் விளிம்பில், இலக்குக்கும் மாதிரிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை அது அளக்கிறது. பின்னர் அவ்வேறுபாட்டை வட்டத்தின் உட்புறம் சீராகப் பரப்பி, மாதிரியுடன் கூட்டுகிறது. சீராகப் பரப்புதல் என்பது லாப்லாசு சமன்பாட்டிற்குத் தீர்வு காண்பதாகும். மென்பொருள்கள் இதன் சற்று மாறுபட்ட வடிவங்களைப் பயன்படுத்தினாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

இதனை ஒரே வரிசையில் உள்ள ஐந்து படவணுக்களைக் கொண்டு விளக்கலாம். முதலும் கடைசியும் நல்ல தோல். நடுவில் உள்ள மூன்றும் பரு. எண்கள் ஒளிர்வைக் குறிக்கின்றன.

```
இலக்கு     200  150  140  150  180
மாதிரி     160  164  157  163  160
வேறுபாடு    40   35   30   25   20
விடை      200  199  187  188  180
```

இரு விளிம்புகளிலும் உள்ள வேறுபாடுகள் 40, 20 ஆகும். இவற்றிற்கு இடையே 35, 30, 25 என்பவை சீராக இறங்கும் மதிப்புகள். மாதிரியின் நடுவில் உள்ள 157 ஒரு தோல்துளையின் நிழல். விடையிலும் அந்தப் பள்ளம் 187 ஆக நிலைத்திருக்கிறது; ஆனால் வரிசை முழுவதும் இடமிருந்து வலமாக ஒளி குறையும் போக்கும் கெடவில்லை. நகல் முத்திரையைப் பயன்படுத்தியிருந்தால் நடுவில் 164, 157, 163 என்னும் எண்களே அமைந்து, 200க்கும் 180க்கும் இடையே ஒரு கருந்திட்டு உண்டாகியிருக்கும்.

## பயன்படுத்தும் முறை

ஃபோட்டோசாப்பில் முதலில் படத்தின் மேல் ஒரு வெற்று அடுக்கு உருவாக்கப்படுகிறது. கருவியின் `Sample` அமைப்பை `Current & Below` என மாற்றினால், திருத்தங்கள் இவ்வடுக்கில் மட்டும் பதியும், மூலப்படம் மாறாது. கிம்பில் பின்னணி அடுக்கைப் படியெடுத்து அதில் பணியாற்றலாம். படத்தை 100% அளவில் பார்க்க வேண்டும். அதைவிடச் சிறிய அளவில் பார்த்தால் துளைகள் கண்ணுக்குத் தெரியமாட்டா.

எடுத்துக்காட்டாக, ஒரு முகப்படத்தில் கன்னத்தின் மேல் 40 படவணு அகலமுள்ள ஒரு பரு இருப்பதாகக் கொள்வோம். அதைச் சுற்றியுள்ள சிவப்பு வளையத்தையும் சேர்த்தால் அகலம் 70 படவணுக்கள். இங்கு தூரிகையின் விட்டம் 80 ஆக இருத்தல் வேண்டும். 45 என வைத்தால் தூரிகையின் விளிம்பு சிவப்பு வளையத்தின் மேலேயே விழும். கருவி விளிம்பின் நிறத்தையே உள்ளே பரப்புவதால், மேடு மறைந்து சிவப்புத் திட்டு எஞ்சும்.

அடுத்து, அதே கன்னத்தில் பருவிற்கு அருகில் உள்ள நல்ல தோலின் மேல் `Alt` விசையுடன் சொடுக்கி மாதிரி எடுக்கப்படுகிறது. கிம்பில் இதற்கு `Ctrl` விசை. பின்னர் பருவின் மேல் ஒருமுறை மட்டும் சொடுக்க வேண்டும். நீளமாகத் தேய்த்தால் மாதிரிப் புள்ளியும் உடன் நகர்ந்து மற்றொரு பருவின் மேல் செல்லக்கூடும். தூரிகையின் விளிம்பு கடினமாக இருப்பதே நல்லது. நிறக் கலப்பைக் கருவியே செய்துவிடுவதால் மென்மையான விளிம்பு தேவையில்லை; அது விளிம்பில் இரு இழையமைப்புகளைக் கலந்து துளைகளை மங்கச் செய்யும்.

## மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

நிறத்தைக் கருவி சரிசெய்துகொள்ளும், இழையமைப்பைச் சரிசெய்யாது. மூக்கின் துளைகள் பெரியவை, கண்ணின் கீழுள்ள தோல் நுண்ணியது, நெற்றியில் கிடைக்கோடுகள் உண்டு. ஆகவே மூக்கின் தோலைக் கன்னத்தில் இட்டால், நிறம் பொருந்தினாலும் அவ்விடம் வேறுபட்டுத் தெரியும்.

ஒளியின் திசையும் முக்கியமானது. பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஒளிப்பக்கமும் ஒரு நிழற்பக்கமும் இருக்கும். நேரொளி விழும் நெற்றியின் துளைகளில் இந்நிழல் அரிதாகவே தெரியும். அத்தோலைப் பக்கவாட்டு ஒளி விழும் கன்னத்தில் இட்டால் அவ்விடம் தட்டையாகத் தோன்றும்.

## பிழைகளும் எல்லைகளும்

உதடு, புருவம், தாடை ஆகியவற்றின் ஓரத்தில் இக்கருவி கறை உண்டாக்குவது வழக்கம். வட்டத்தின் ஒரு பகுதி கரிய புருவத்தைத் தொட்டால் அக்கருமையும் உள்ளே பரவும். அத்தகைய இடங்களில் தோல் பகுதியை மட்டும் தெரிவு செய்து, வட்டம் எல்லையைக் கடக்காதபடி பணியாற்ற வேண்டும் அல்லது நகல் முத்திரையைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரே மாதிரியைப் பலமுறை எடுத்தால், ஒரே துளைக்கூட்டம் வரிசையாகத் திரும்பத் திரும்பத் தெரியும். இதனைக் கண்டறிய, படத்தின் மேல் தற்காலிகமாக ஒரு வளைகோட்டு அடுக்கை இட்டு வேறுபாட்டை உயர்த்திப் பார்ப்பர். மங்கிய திட்டுகளும் அப்போது வெளிப்படும்.

கன்னம் முழுவதும் பரவிய சிவப்பிற்கு இக்கருவி பொருந்தாது. அங்கு குறையாக உள்ளது நிறமேயன்றி இழையமைப்பு அன்று. அதற்கு நிறத்தைச் சரிசெய்யும் அடுக்கே ஏற்றது. பள்ளமான பருத்தழும்புகள் நெருங்கியிருந்தால் மாதிரி எடுக்க நல்ல தோல் கிடைக்காது. அப்போது பள்ளத்தின் நிழலைச் சற்று வெளுக்கச் செய்து ஆழத்தைக் குறைப்பர்.

## எவற்றை நீக்குவது

ஓரிரு வாரங்களில் தானே மறையும் பருவை நீக்குவதும், மச்சம், நிலையான தழும்பு முதலியவற்றை உரியவர் கேட்டாலன்றி விட்டுவைப்பதும் முகப்படக் கலைஞர் பலர் பின்பற்றும் வழக்கம். இவை ஒருவரை அடையாளம் காட்டுபவை. அமெரிக்கக் கடவுச்சீட்டு விதிகள் மென்பொருளால் மாற்றிய படத்தை ஏற்பதில்லை. நோர்வேயில் 2021 இல் இயற்றப்பட்டு 2022 சூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டம், உடலின் வடிவம், அளவு அல்லது தோல் திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அதனைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. தோல்துளைகளைக் காத்துச் செய்யும் திருத்தம் பார்ப்போரால் எளிதில் கண்டறியப்படாது என்பதால், இத்தகைய குறிப்பின் தேவை அதற்கும் பொருந்தும்.

## இவற்றையும் பார்க்கவும்

* நகல் முத்திரைக் கருவி
* கிம்ப்
* லாப்லாசு சமன்பாடு